வற் பில்லில் சில சதங்கள் இடிக்கும்போது: வரிசைக்கு வரிசை மட்டந்தட்டலா, மொத்தத்தில் ஒருமுறையா?

கொழும்பு ஏஜென்சியிலிருந்து சாமான் வந்திருக்கும். கூடவே வந்த வற் இன்வொய்ஸைப் பார்த்து ஒவ்வொரு வரிசையாகக் கடைச் சிஸ்டத்தில் பதிந்திருப்பீர்கள். எண்ணிக்கை சரி, விலை சரி, வரிக்கு முந்திய மொத்தம் சரி. கடைசியில் வற் தொகையில் மட்டும் இரண்டு மூன்று சதம் இடிக்கும். மட்டக்களப்பு, காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்றுக் கடைகளில் கொள்வனவுப் பில் பதிகிறவர்களிடமிருந்து எனக்கு அதிகமாக வரும் அழைப்பு இதுதான். பெரும்பாலும் அவர்கள் அந்தச் சதங்களைச் சரிக்கட்ட ஏதாவது ஒரு சாமானின் விலையைக் கொஞ்சம் மாற்றிய பிறகுதான் அழைப்பார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். விலையை மாற்றினால் இருப்பின் பெறுமதி பிழைத்துவிடும். அடுத்த முறை அதே சாமானை வாங்கும்போது சிஸ்டம் அந்தப் பொய் விலையையே எடுத்துக் காட்டும்.

இடிக்கும் சதம் எங்கிருந்து வருகிறது என்பதை அறிகுறியைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். அதற்கு ஒரே ஒரு பில்லை எடுத்துக்கொண்டு கடைசிவரை அதையே பார்ப்போம். கல்முனையில் உள்ள ஒரு ஹாட்வெயார் கடைக்கு ஆறு சாமான் வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். தள்ளுபடி கழித்த விலைகள் இவை. 2024 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள 18 சதவீத வற் கடைசி நிரலில் இருக்கிறது. அதை மட்டந்தட்டாமல், வந்தபடியே போட்டிருக்கிறேன்.

| சாமான் | எண்ணிக்கை | விலை | தொகை | வற் |
|---|---|---|---|---|
| பி.வி.சி. எல்போ | 25 | 49.75 | 1,243.75 | 223.875 |
| பி.வி.சி. சொக்கட் | 25 | 34.49 | 862.25 | 155.205 |
| திரெட் டேப் | 10 | 54.77 | 547.70 | 98.586 |
| பைப் வால்வு | 20 | 115.91 | 2,318.20 | 417.276 |
| பெயின்ட் பிரஷ் | 5 | 81.95 | 409.75 | 73.755 |
| பைப் கிளிப் | 15 | 69.11 | 1,036.65 | 186.597 |
| மொத்தம் | 100 | | 6,418.30 | 1,155.294 |

ஒரு சதத்துக்குக் கீழே காசு இல்லை. ஆகவே மூன்றாவது தசமதானத்தை எங்கேயாவது ஓர் இடத்தில் மட்டந்தட்டித்தான் ஆகவேண்டும். அந்த இடம் எது என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது.

அறிகுறி 1: வரிக்கு முந்திய மொத்தம் ஒன்றுதான், வற் மட்டும் ஓரிரு சதம் வேறு

கடையில் பில் பதியும் தங்கை ஒருத்தி தொலைபேசியில், "அண்ணே, எல்லாம் சரியா இருக்கு, வற்ல மட்டும் மூணு சதம் இடிக்குது" என்றால் நான் முதலில் கேட்பது, "பில்லில எத்தனை வரிசை இருக்கு தங்கச்சி?" என்பதுதான். எத்தனை சதம் இடிக்கிறது என்பதை வரிசைகளின் எண்ணிக்கையோடு வைத்துப் பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

மேலே உள்ள பில்லை ஏஜென்சியின் சிஸ்டம் வரிசைக்கு வரிசை மட்டந்தட்டுகிறது என்று வையுங்கள். 223.88, 155.21, 98.59, 417.28, 73.76, 186.60 என்று ஆறு தொகைகள் வரும். கூட்டினால் 1,155.32. உங்கள் சிஸ்டம் வரிசைகளில் கைவைக்காமல், 6,418.30 இன் மொத்தத்துக்கு ஒரேயொரு முறை வற் கணக்கிட்டு மட்டந்தட்டுகிறது. அப்போது 1,155.29. வித்தியாசம் 3 சதம். ஏஜென்சியின் பில் 7,573.62 ரூபா, உங்கள் திரையில் 7,573.59 ரூபா. இரண்டு பக்கமும் கூட்டலிலோ பெருக்கலிலோ பிழைவிடவில்லை.

இந்தப் பில்லில் ஆறு வரிசையுமே மேல்நோக்கி மட்டந்தட்டப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். 0.005, 0.005, 0.004, 0.004, 0.005, 0.003 என்று ஒவ்வொன்றிலும் சிறிது கூடியிருக்கிறது. அவற்றின் கூட்டுத்தொகை 0.026. மொத்தத்தை மட்டந்தட்டும்போது மறுபக்கத்தில் 0.004 குறைந்தது. இரண்டும் சேர்ந்துதான் 3 சதம். வேறொரு பில்லில் சில வரிசைகள் மேலேயும் சில கீழேயும் போய் ஒன்றையொன்று அடித்துவிடும், வித்தியாசமே தெரியாது. "போன கிழமைப் பில்லில வரல்லையே, இதில மட்டும் ஏன்?" என்ற கேள்விக்கு விடை இதுதான். முறை இரண்டு பில்லிலும் ஒன்றுதான், தொகைகளின் கடைசித் தசமம்தான் வேறு.

எவ்வளவு வரைக்கும் இந்தக் காரணத்தை நம்பலாம்? ஒரு வரிசையை மட்டந்தட்டும்போது கூடினாலும் குறைந்தாலும் அரைச் சதத்துக்கு மேல் போகாது. ஆறு வரிசைக்கு மூன்று சதம், மொத்தத்தை மட்டந்தட்டுவதற்கு இன்னும் அரைச் சதம், ஆகக் கூடியது மூன்றரைச் சதம். அரைச் சதத்தைப் பில்லில் காட்ட முடியாது என்பதால் ஆறு வரிசைப் பில்லில் 3 சதம் வரைதான் வரலாம். நம்முடைய பில் அந்த எல்லையிலேயே நிற்கிறது. அதே ஆறு வரிசைக்கு 7 சதம் இடித்தால் இந்த விளக்கம் போதாது. அறிகுறி 3 க்குப் போங்கள். சதத்தில் அல்லாமல் பல ரூபாவில் இடித்தால் மட்டந்தட்டலை விட்டுவிட்டு, வரிசை தவறியிருக்கிறதா, வரி விலக்கான சாமானுக்கு வற் விழுந்திருக்கிறதா, தள்ளுபடி வரிக்கு முன் கழிக்கப்பட்டதா பின் கழிக்கப்பட்டதா என்று பாருங்கள்.

காரணத்தை உறுதிசெய்ய எக்செல் போதும். A நிரலில் எண்ணிக்கை, B நிரலில் விலை, C நிரலில் தொகை என்று இரண்டாம் வரிசையிலிருந்து போட்டு, இந்த மூன்றையும் வெவ்வேறு கலங்களில் எழுதுங்கள்:

```
=ROUND(SUM(C2:C7)*0.18,2)
=SUMPRODUCT(ROUND(C2:C7*0.18,2))
=SUMPRODUCT(ROUND(B2:B7*0.18,2)*A2:A7)
```

முதலாவது மொத்தத்தில் ஒருமுறை மட்டந்தட்டும், நம் பில்லுக்கு 1155.29 தரும். இரண்டாவது வரிசைக்கு வரிசை, 1155.32. மூன்றாவது ஒவ்வொரு தனிச் சாமானின் வரியையும் மட்டந்தட்டிவிட்டு எண்ணிக்கையால் பெருக்கும், 1155.40. ஏஜென்சியின் பில்லில் இருக்கும் தொகை இந்த மூன்றில் எதோடு பொருந்துகிறதோ அதுதான் அவர்களின் முறை. உங்கள் திரையில் உள்ள தொகை எதோடு பொருந்துகிறதோ அது உங்கள் முறை. ஓர் ஏஜென்சிக்கு ஒருமுறை செய்து பார்த்து, அதன் பெயருக்கு நேரே எழுதி வைத்துவிட்டால் அடுத்த பில்லுக்குத் திரும்பவும் தேடவேண்டி வராது.

இனிச் செய்யவேண்டியது. கொள்வனவுப் பக்கத்தில் எது சரி என்று வாதாடத் தேவையே இல்லை. நீங்கள் உள்ளீட்டு வரியாகக் கோருவது ஏஜென்சி தந்த வற் இன்வொய்ஸில் எழுதியிருக்கும் வரித் தொகையை. அவர்கள் தங்கள் பக்கத்தில் வெளியீட்டு வரியாகக் காட்டுவதும் அதே தொகையைத்தான். ஆகவே 1,155.32 என்று இன்வொய்ஸ் சொன்னால் உங்கள் பேரேட்டிலும் 1,155.32 தான் இருக்கவேண்டும். சிஸ்டம் கணக்கிட்ட 1,155.29 ஐ அதன்மேல் எழுதித் திருத்துங்கள். பல சிஸ்டங்களில் கொள்வனவுப் பில்லின் அடியில் உள்ள வரித் தொகையைக் கையால் மாற்ற இடம் இருக்கும். அந்த இடம் பூட்டியிருந்தால் சிஸ்டம் போட்டுத்தந்தவரிடம் கேட்டுத் திறந்துகொள்ளுங்கள். விலை நிரலைத் தொடவேண்டாம் என்று மேலே சொன்னதன் காரணம் இங்கே தெளிவாகும்: இடிப்பது வரியில், திருத்தவேண்டியதும் வரியில்தான்.

ஒடூ மென்பொருள் பாவிக்கிற கடைகளில் இந்த இரண்டு முறைக்கும் அமைப்பு ஒன்று உண்டு. கணக்குப் பகுதியின் அமைப்புகளில் `Rounding Method` என்ற இடத்தில் `Round per Line` அல்லது `Round Globally` என்று தெரிவு செய்யலாம். ஆனால் அது முழு நிறுவனத்துக்கும் ஒன்றுதான். ஓர் ஏஜென்சிக்காக மாற்றினால் மற்ற ஏஜென்சிகளின் பில்கள் இடிக்கத் தொடங்கும். ஆகவே கொள்வனவுப் பில்லுக்காக இந்த அமைப்பை மாற்றிக்கொண்டிருக்காமல், பில்லில் வரித் தொகையைத் திருத்துவதே நல்லது.

அறிகுறி 2: சில சாமானுக்கு மட்டும் இடிக்கிறது, சிலதுக்கு ஒருநாளும் இடிப்பதில்லை

சீமெந்து, கம்பி, தகரம் போன்றவை மட்டும் உள்ள பில்லில் இந்தத் தொல்லை வராமல், பி.வி.சி. பிட்டிங், ஆணி, திருகாணி உள்ள பில்லில் மட்டும் வருகிறது என்று ஒரு முதலாளி சொன்னால், அவருடைய கவனிப்பு மிகச் சரியானது.

18 சதவீதத்தில் 50 சதத்துக்கு வரி சரியாக 9 சதம். ஆகவே வரிசைத் தொகை முழு ரூபாவாகவோ 50 சதத்தில் முடிவதாகவோ இருந்தால் வரியும் முழுச் சதமாகவே வரும், மட்டந்தட்ட எதுவுமே மிஞ்சாது. 2,350.00 க்கு 423.00. 2,350.50 க்கு 423.09. மீதி இல்லாத இடத்தில் வரிசையில் மட்டந்தட்டினாலும் மொத்தத்தில் மட்டந்தட்டினாலும் ஒரே விடைதான். பெரிய சாமானின் விலைகள் வழக்கமாக முழு ரூபாவில் போடப்படுவதால் அவை தப்பிவிடுகின்றன. 49.75, 34.49 என்று சதத்தோடு வரும் சின்னச் சாமான்கள்தான் மீதியை உண்டாக்குகின்றன. முழு ரூபா விலைக்கு 7½ சதவீதத் தள்ளுபடி கொடுத்தாலும் அதே நிலை வரலாம். 2022 ஒக்டோபரில் வந்த 2.5 சதவீத சமூகப் பாதுகாப்பு அறவீட்டைத் தனி வரிசையாகச் சேர்த்து, அதன்மேல் வற் போடுகிற பில்களில் முழு ரூபா விலைகளும் தப்பாது: 37 ரூபாவுக்கு அறவீடே 92.5 சதம்.

இதை ஒரு சோதனையாகப் பாவிக்கலாம். இடிக்கும் பில்லில் எல்லா வரிசைத் தொகையும் முழு ரூபாவாகவோ 50 சதத்திலோ இருக்கின்றன, வற் 18 சதவீதம் மட்டும்தான், ஆனாலும் வற் இடிக்கிறது என்றால் காரணம் வரிசை மட்டந்தட்டல் அல்ல. அறிகுறி 3 ஐப் பாருங்கள், அதுவும் பொருந்தாவிட்டால் வேறெங்கோ உண்மையான பிழை இருக்கிறது.

அறிகுறி 3: வித்தியாசம் வரிசைகளின் எண்ணிக்கைக்குப் பொருந்தாமல், சாமானின் எண்ணிக்கையோடு சேர்ந்து கூடுகிறது

நம் பில்லில் ஏஜென்சி 1,155.40 என்று போட்டிருந்தால் வித்தியாசம் 11 சதம். ஆறு வரிசைக்கு 3 சதத்துக்கு மேல் போக முடியாது என்று பார்த்தோம். அப்படியென்றால் மட்டந்தட்டல் வரிசைக்கும் முன்னால், ஒரு தனிச் சாமானிலேயே நடந்திருக்கிறது. ஓர் எல்போவுக்கு வற் 8.955. அதை 8.96 என்று மட்டந்தட்டி 25 ஆல் பெருக்கினால் 224.00. சரியாகக் கணக்கிட்டால் 223.875. ஒரே வரிசையில் 12½ சதம் கூடிவிட்டது. வால்வில் எதிர்ப்பக்கம்: 20.8638 ஐ 20.86 ஆக்கி 20 ஆல் பெருக்கினால் 417.20, அதாவது 7 சதத்துக்கும் மேலே குறைவு. இந்த முறையில் பிழையின் எல்லை சாமானின் எண்ணிக்கையைப் பொறுத்தது. நூறு சாமானுக்கு ஐம்பது சதம் வரை போகலாம். ஆயிரம் திருகாணி வாங்கினால் ஐந்து ரூபா.

விற்பனைப் பக்கத்தில் இதே நோய் இன்னொரு முகத்தோடு வருகிறது. நம் கடைகளில் அதிகம் காண்பதும் இதுதான். வற் சேர்த்து 100 ரூபா என்று விலை ஒட்டிய சுவிட்ச் ஒன்று. வாடிக்கையாளர் 12 வாங்குகிறார், மனக்கணக்கில் 1,200 ரூபா. பில் 1,200.06 என்று வருகிறது. சாமானைப் பதியும்போது வரிக்கு முந்திய விலையைக் கேட்டதால் 100 ஐ 1.18 ஆல் வகுத்து, வந்த 84.7457... ஐ 84.75 என்று போட்டிருப்பார்கள். அதை 12 ஆல் பெருக்கினால் 1,017.00. அதற்கு வற் 183.06. கூட்டினால் 1,200.06. சதக் குற்றிகள் கையில் புழங்காத இந்தக் காலத்தில் 6 சதம் யாருக்கும் தெரியாது. ஆனால் ஒப்பந்தகாரர் ஒருவர் 120 சுவிட்ச் எடுத்தால் 12,000.60 என்று வரும். கணக்குப் பார்க்கிறவர் கட்டாயம் கேட்பார்.

இதற்கு மருந்து 84.75 ஐ 84.74 ஆக்குவது அல்ல. அப்படிச் செய்தால் அதே 120 சுவிட்சுக்கு 11,999.18 வரும், கடைக்கு நட்டம். சாமானின் பதிவில் விலை வரி உட்பட்டது என்று குறிக்கும் அமைப்பைத் தேடி, 100 ரூபாவையே விலையாகப் போடவேண்டும். அப்போது கணக்கு மேலிருந்து கீழே நடக்கும். 12 சாமானின் தொகை 1,200.00. அதை 1.18 ஆல் வகுத்தால் 1,016.95. மீதி 183.05 வற். இரண்டையும் கூட்டினால் 1,200.00 தவிர வேறெதுவும் வர வழியில்லை, ஏனென்றால் வரியைத் தனியாகக் கணக்கிடாமல் கழித்துத்தான் எடுத்தோம். உங்கள் சிஸ்டத்தில் வரி உட்பட்ட விலைக்கு இடமே இல்லையென்றால், வரிக்கு முந்திய விலையை நான்கு தசமதானத்தில், 84.7458 என்று, வைத்துக்கொள்ள விடுகிறதா என்று பாருங்கள். 120 க்கு 10,169.496, அதாவது 10,169.50. வற் 1,830.51. மொத்தம் 12,000.01. அறுபது சதம் ஒரு சதமாகச் சுருங்கியிருக்கிறது. முற்றாகப் போகவில்லை என்றாலும் இதோடு வாழலாம்.

அறிகுறி 4: இரண்டு பக்கமும் வரிசைக்கு வரிசைதான், ஆனாலும் ஒரு சதம்

இது குறைவாக வரும், வந்தால் ஆளை நன்றாகக் குழப்பும். நம் பில்லில் மூன்று தொகைகள் சரியாக அரைச் சதத்தில் நிற்கின்றன: 223.875, 155.205, 73.755. பள்ளிக்கூடத்தில் நாம் படித்த முறையில் 5 வந்தால் மேலே. எக்செலின் `ROUND` உம் அப்படித்தான் செய்கிறது. ஆனால் சில மொழிகளில் எழுதிய சிஸ்டங்கள் சரிபாதியில் நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குக் கொண்டுபோகும். விசுவல் பேசிக்கின் `Round`, டொட்நெட்டின் `Math.Round`, பைதனின் `round` எல்லாம் வேறு எதுவும் சொல்லாவிட்டால் இந்த முறையைத்தான் எடுக்கும். அப்போது 223.875 என்பது 223.88 ஆகும், 73.755 என்பது 73.76 ஆகும், 155.205 மட்டும் 155.20 ஆகக் கீழே இறங்கும். கூட்டினால் 1,155.31. ஒரே பில், ஒரே வரிசை முறை, ஆனாலும் ஒரு சதம் குறைவு.

கண்டுபிடிக்கும் வழி எளிது. வித்தியாசம் வரும் வரிசையை மட்டும் எடுத்து, மட்டந்தட்டாத வரியைக் கல்குலேட்டரில் பாருங்கள். மூன்றாவது தசமதானத்தில் 5 நின்று, அதன் பின்னால் எதுவும் இல்லையென்றால் காரணம் இதுதான். இரண்டாவது தசமதானத்தில் இரட்டை எண் இருக்கும் வரிசைகளில் மட்டும் இடித்து, ஒற்றை எண் இருக்கும் வரிசைகளில் இடிக்காவிட்டால் முழு உறுதி.

இரட்டை ஒற்றை என்று எந்த ஒழுங்கும் தெரியாமல் சில அரைச் சதங்கள் மேலேயும் சில கீழேயும் போனால், சிஸ்டம் காசை இருமத் தசமமாக வைத்திருக்கிறது என்று அர்த்தம். பைதனில் இதைப் பார்க்கலாம்:

```
round(2.675, 2)   # 2.67
```

2.675 என்று நாம் எழுதுவது கணினிக்குள் அதைவிட ஒரு துளி குறைவாகச் சேமிக்கப்படுகிறது. ஆகவே அது அரைச் சதமாகவே கணினிக்குத் தெரிவதில்லை. இதைக் கடையில் இருந்து திருத்த முடியாது. சிஸ்டம் எழுதியவரிடம் காசு நிரல்களை `DECIMAL` வகைக்கு மாற்றச் சொல்லவேண்டும். உதாரணத்துக்கு ஒரு பில்லையும் இடிக்கும் வரிசையையும் அவருக்கு அனுப்புங்கள். "சதம் இடிக்குது" என்று மட்டும் சொன்னால் அவரால் எதையும் தேட முடியாது.

அறிகுறி 5: பில்லில் அச்சடித்திருக்கும் வரிகளைக் கூட்டினால் அடியில் உள்ள வரி வரவில்லை

இது வாடிக்கையாளர் கண்டுபிடிக்கும் பிழை. அதனால் மற்றவற்றைவிட அவசரமானது. நீங்கள் மொத்தத்தில் ஒருமுறை மட்டந்தட்டுகிறீர்கள், ஆனால் பில் வடிவத்தில் ஒவ்வொரு வரிசைக்கும் நேரே வற் தொகையும் அச்சாகிறது. அச்சாகும்போது 223.88, 155.21 என்று இரண்டு தசமதானத்தில்தான் அச்சாகும். ஒரு பாடசாலையோ பிரதேச சபையோ உங்கள் பில்லைச் சரிபார்த்துக் கூட்டினால் 1,155.32 வரும். அடியில் 1,155.29 என்று நிற்கும். கூட்டல் பிழை என்று எழுதிப் பில்லைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், காசோலை தள்ளிப்போகும்.

என்னுடைய அபிப்பிராயம்: மொத்தத்தில் மட்டந்தட்டுகிற கடை வரிசை வற் நிரலை அச்சடிக்கவே கூடாது. வரிசையில் வரிக்கு முந்திய தொகை, அடியில் அவற்றின் கூட்டுத்தொகை, வற் வீதம், வற், மொத்தம். பார்க்கிறவர் 6,418.30 ஐ 18 சதவீதத்தால் பெருக்கினால் அச்சிட்ட விடையே வரும். அதைவிடச் சுத்தமான பில் இல்லை. பில்லில் வரி விலக்கான சாமானும் கலந்திருந்தால் வற் உள்ளவற்றின் கூட்டுத்தொகையைத் தனியாகக் காட்டி அதற்கு மட்டும் கணக்கிடவேண்டும்.

வாங்குகிறவர் வரிசை வரியைக் கட்டாயம் கேட்டால் இரண்டு வழி உண்டு. ஒன்று, வரிசைக்கு வரிசை முறைக்கே மாறிவிடுவது. மற்றது, மொத்தமான 1,155.29 ஐ வரிசைகளுக்குப் பகிர்ந்து கொடுப்பது. முதலில் எல்லா வரிசையையும் கீழ்நோக்கி வெட்டுங்கள்: 223.87, 155.20, 98.58, 417.27, 73.75, 186.59. கூட்டினால் 1,155.26. இன்னும் 3 சதம் கொடுக்கவேண்டும். வெட்டுப்பட்ட மீதி அதிகமாக இருந்த வரிசைகளுக்கு அவற்றைக் கொடுங்கள். கிளிப்பில் 0.007, டேப்பிலும் வால்விலும் 0.006. அவை 186.60, 98.59, 417.28 ஆகும், மற்றவை வெட்டியபடியே இருக்கும். இப்போது கூட்டினால் 1,155.29. எல்போவின் வற் 223.87 என்று நிற்பதைத் தனியாகப் பார்த்தால் கொஞ்சம் உறுத்தலாம். ஆனால் நிரல் கூடும், அடித்தொகையும் நிற்கும்.

அறிகுறி 6: காசாகக் கொடுத்த தொகையும் பில்லும் பொருந்தவில்லை

இது வரி மட்டந்தட்டலே அல்ல. ஆனாலும் இரண்டையும் ஒரே கணக்கில் போட்டுக் குழப்புகிறார்கள். 7,573.62 ரூபா பில்லுக்கு ரெப்பின் கையில் 7,574 ரூபா கொடுத்தீர்கள். மிகுதி 38 சதம் வற் அல்ல, சாமானின் விலையும் அல்ல. கணக்கில் 'மட்டந்தட்டல் வேறுபாடு' என்று ஒரு தனிச் செலவுக் கணக்கைத் திறந்து, அதில் போடுங்கள். வற் கணக்கில் 1,155.32 அப்படியே இருக்கட்டும். காசோலையிலோ வங்கி மாற்றலிலோ கொடுப்பதென்றால் சதத்தோடு 7,573.62 என்றே கொடுக்கலாம், இந்த வரிசையே தேவைப்படாது.

அறிகுறி 7: சாமானை முழுதாகத் திருப்பிக் கொடுத்தும் கணக்கு பூச்சியத்துக்கு வரவில்லை

நீங்கள் விற்ற பில் மொத்தத்தில் மட்டந்தட்டியது, வற் 1,155.29. வாடிக்கையாளர் ஆறு சாமானையும் ஒன்றொன்றாக, வேறு வேறு நாளில் திருப்பித் தருகிறார். ஒவ்வொரு முறையும் ஒரு கிரெடிட் நோட். ஒவ்வொரு கிரெடிட் நோட்டிலும் ஒரு வரிசைதான் இருப்பதால், மொத்தத்தில் மட்டந்தட்டினாலும் வரிசையில் மட்டந்தட்டினாலும் ஒன்றுதான். ஆறு கிரெடிட் நோட்டின் வற் 1,155.32. வாங்கியதைவிட 3 சதம் அதிகமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள், அவருடைய கணக்கில் 3 சதம் தொங்கிக்கொண்டு நிற்கும்.

கடைசிக் கிரெடிட் நோட்டில் வற்றைக் கணக்கிடாமல், மூலப் பில்லின் வற்றிலிருந்து இதுவரை திருப்பிய வற்றைக் கழித்து வரும் மீதியைப் போட்டால் இது தீரும். முதல் ஐந்தில் 968.72 போய்விட்டது என்றால் கிளிப்புக்கு 186.60 அல்ல, 186.57. திருப்பல்கள் அதிகமாக நடக்கும் வியாபாரத்துக்கு, உதாரணமாக மின்சாமான் உதிரிப்பாகக் கடைகளுக்கு, வரிசைக்கு வரிசை முறையையே நான் சொல்வேன். அங்கே ஒவ்வொரு வரிசையும் தன் வரியைத் தானே சுமந்துகொண்டு இருப்பதால், முழு வரிசையும் எந்த ஒழுங்கில் திரும்பி வந்தாலும் கணக்கு மூடும்.

முறையை மாற்றத் தீர்மானித்தால் வரிக்காலத்தின் முதல் நாளில், முதல் பில் போடுவதற்கு முன் மாற்றுங்கள். அமைப்பை மாற்றும்போது, இன்னும் உறுதிப்படுத்தாமல் வைத்திருக்கும் பில்களையும் கொட்டேஷன்களையும் சிஸ்டம் திரும்பக் கணக்கிடக்கூடும். வாடிக்கையாளருக்கு ஏற்கனவே கொடுத்த கொட்டேஷனின் தொகை மாறிவிடாமல், அவற்றை முதலில் முடித்துவிடுங்கள். மாற்றிய திகதியைக் கணக்காய்வாளருக்கு எழுத்தில் கொடுங்கள். பழைய பில்லுக்குக் கிரெடிட் நோட் போடும்போது புதிய முறை தானாக வந்து நிற்கும். அந்தப் பில் எந்த முறையில் போடப்பட்டதோ அதே முறையில் வரும் தொகையை அங்கே கையால் எழுதவேண்டும்.